கட்டைவிரல் கணக்கு எங்கே போகுது? கோயில் புலனக் குழுக்களுக்கு ஒரு வார்த்தை



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க. கோயில் கமிட்டியில இருக்கிறவங்க, புலனக் குழுவுக்கு அட்மினா இருக்கிறவங்க கண்டிப்பா கடைசி வரைக்கும் படிங்க.

இப்ப நம்ம கோயில் வேலை பாதி வாட்ஸ்அப்லதான் நடக்குது. உபயம் யாருக்கு எந்த நாள், அன்னதானத்துக்கு எத்தனை பேர், கோத்தோங் ரோயோங்குக்கு யார் வர்றாங்க, கெனோப்பி எங்க வாடகைக்கு எடுக்கிறது, எல்லாம் குழுவிலேயே கேட்டு குழுவிலேயே முடிவு ஆகுது. முன்னெல்லாம் ஒருத்தர் நோட்டு புத்தகத்தோட வாசல்ல உட்கார்ந்து எழுதுவாரு. இப்ப ஒரு வாக்கெடுப்பு போடுறோம், பக்தர்கள் விரலால தொடுறாங்க, வேலை முடிஞ்சிடுது. இதுல எனக்கு ஒரு குறையும் இல்ல. நூற்றைம்பது பேர் இருக்கிற குழுவில ஆளாளுக்கு "நான் வரேன்", "நானும்"ன்னு எழுதினா முக்கியமான செய்தி எல்லாம் மேல போய் காணாமப் போயிடும்.

ஆனா ஒரு விஷயம் நாம புரிஞ்சு வச்சுக்கணும். குழுவில எழுதினது வேற, தொட்டது வேற. கட்டைவிரல், கும்பிடு எல்லாம் ரியாக்‌ஷன். வாக்கெடுப்புல போடுற ஓட்டும், ஈவென்ட் அழைப்புல தட்டுற Going-உம் அதே இனந்தான். இதெல்லாம் தொட்டது. போன் மாத்தும்போதும், சாட்டை எக்ஸ்போர்ட் பண்ணும்போதும் எழுதினதுக்கும் தொட்டதுக்கும் ஒரே மரியாதை கிடைக்கிறதில்ல. அதைத்தான் சொல்ல வரேன்.

முதல்ல, அது எப்படி வேலை செய்யுது?

நிறைய பேர் நினைக்கிறாங்க, வாக்கெடுப்பு எங்கேயோ ஒரு பெரிய கம்ப்யூட்டர்ல இருக்கு, எல்லாருடைய ஓட்டும் அங்க சேருது, நாம நம்ம போன்ல அதைப் பார்க்கிறோம்னு. அப்படி இல்லை. வாட்ஸ்அப்ல செய்தி எல்லாம் பூட்டித்தான் போகுது, அந்தக் கம்பெனியாலயும் உள்ள என்ன இருக்குன்னு படிக்க முடியாது. அதனால ஓட்டை எண்ணுற வேலையை அவங்க செய்ய முடியாது. ஒவ்வொரு போனும் தானே எண்ணிக்குது.

நீங்க ஒரு ஓட்டு போட்டீங்கன்னா, அது சின்ன ஒரு தனிச் செய்தியா குழுவில இருக்கிற ஒவ்வொரு போனுக்கும் போகுது. "அந்த வாக்கெடுப்புக்கு என் பதில் இது"ன்னு அதுல இருக்கும். அந்த ஓட்டைத் திறக்கிற சாவி, முதல்ல வந்த வாக்கெடுப்புச் செய்தியோட சேர்ந்து வந்திருக்கும். உங்க போன் ஓட்டைத் திறந்து, எண்ணிக்கையில சேர்த்துக் காட்டும். கட்டைவிரலும் இதே மாதிரிதான்: "அந்தச் செய்திக்கு 👍"ன்னு ஒரு தனிச் செய்தி. கண்ணுக்கு மட்டும் தனியா தெரியாது, பழைய செய்தியோட கீழ் மூலையில ஒட்டிக்கும்.

இதுல இருந்து ரெண்டு விஷயம் வருது. ஒண்ணு, ஒரு போனுக்கு அந்தச் சின்னச் செய்தி வந்து சேரலன்னா, அல்லது வந்து அப்புறம் அழிஞ்சிட்டா, அந்த போன்ல மட்டும் கணக்கு குறையும். மத்தவங்க போன்ல சரியா இருக்கும். ரெண்டாவது, குறைஞ்சது கண்ணுக்குத் தெரியாது. ஒருத்தர் எழுதின செய்தியை அழிச்சா "This message was deleted"ன்னு தடம் இருக்கும். ஒரு கட்டைவிரல் போனா தடமே இருக்காது. எட்டு இருந்த இடத்துல ஆறு இருக்கும், அவ்வளவுதான். ஆறைப் பார்க்கிறவருக்கு அது முன்ன எட்டா இருந்ததுன்னு தெரிய வழியே இல்ல.

போன் மாத்தி ரெஸ்டோர் பண்ணா என்ன ஆகும்?

ஒரு உதாரணம் கட்டிப் பார்ப்போம். கணக்கு புரியணும்னு நானா அமைச்சது, எந்தக் கோயிலையும் குறிக்கல.

நவராத்திரி ஒன்பது இரவு. ஒரு இரவுக்கு ரெண்டு குடும்பம் உபயம், மொத்தம் 18 குடும்பம். செப்டம்பர் 13, வெள்ளிக்கிழமை இரவு செயலாளர் வாக்கெடுப்பு போடுறாரு: "நவராத்திரி உபயம், எந்த இரவு?" ஒரு வாக்கெடுப்புல 12 பதில் வரைக்கும் வைக்கலாம், அதனால ஒன்பது இரவும் தாராளமா அடங்கும். ஒருத்தர் ஒரு இரவுதான் எடுக்கணும்னு Allow multiple answers-ஐ அணைச்சு வைக்கிறாரு. எல்லாம் முறையா செஞ்சிருக்காரு.

அவர் போன்ல பேக்கப் வாரம் ஒரு தடவை. ஞாயிறு விடியற்காலை 2 மணிக்கு பேக்கப் ஓடுது. அந்த நேரத்துக்குள்ள 11 குடும்பம் ஓட்டு போட்டாச்சு. மூன்றாம் இரவுக்கு ரெண்டு பேர், ஐந்தாம் இரவுக்கு ஒருத்தர்னு வச்சுக்குங்க.

ஞாயிறிலிருந்து வியாழன் மாலை வரைக்கும் இன்னும் 5 குடும்பம் ஓட்டு போடுது. நடுவில செவ்வாய்க்கிழமை, மூன்றாம் இரவு எடுத்திருந்த ஒரு குடும்பம், பிள்ளைக்கு அன்னைக்கு பரீட்சைன்னு ஐந்தாம் இரவுக்கு மாத்திக்கிறாங்க. ஓட்டை எப்ப வேணும்னாலும் மாத்தலாம், தப்பே இல்ல. காலியான மூன்றாம் இரவை புதன்கிழமை வேற ஒரு குடும்பம் எடுத்துக்குது. இந்தக் குடும்பம் அந்த ஐந்தில ஒண்ணு.

வியாழன் மாலை செயலாளர் போன் தண்ணியில விழுந்து போயிடுது. சனிக்கிழமை புது போன் வாங்கி, அதே நம்பர், அதே கூகுள் கணக்கு போட்டு ரெஸ்டோர் பண்றாரு. எல்லாம் அழகா திரும்பி வருது. வாக்கெடுப்பும் இருக்கு, ஓட்டும் இருக்கு, கட்டைவிரலும் இருக்கு. அவருக்கு நிம்மதி.

இப்ப கவனிங்க. ரெஸ்டோர் கொண்டு வந்தது ஞாயிறு விடியற்காலை 2 மணி நிலவரம். அதுக்கப்புறம் வியாழன் மாலை வரைக்கும் வந்ததெல்லாம் பழைய போனுக்குப் போய்ச் சேர்ந்தாச்சு. ஒரு போனுக்குப் போய்ச் சேர்ந்த செய்தியை வாட்ஸ்அப் தன்கிட்ட வச்சிருக்காது. அது போனது போனதுதான். ஆனா வியாழன் மாலையிலிருந்து சனி வரைக்கும் வந்தது போய்ச் சேராம நின்னுச்சு. அப்படி நிக்கிறதை 30 நாள் வரைக்கும் வச்சிருந்து, புது போன் வந்ததும் கொடுத்திடும். அந்த ரெண்டு நாள்ல கடைசி 2 குடும்பம் ஓட்டு போட்டாங்க. அந்த ரெண்டும் வந்து சேருது.

ஆக, அவர் போன்ல ஓட்டை இருக்கிறது நடுவில. முன்னேயும் இருக்கு, பின்னேயும் இருக்கு, நடுவில நாலு நாள் இல்ல. கடைசியில வந்த ஓட்டு தெரியறதால, "எல்லாம் வந்திடுச்சு"ன்னு மனசு சொல்லும். ஏமாத்துறதே அதுதான்.

கணக்கைப் பாருங்க. மத்த எல்லார் போன்லயும் 18 குடும்பம், எல்லா இரவும் நிறைஞ்சாச்சு. செயலாளர் போன்ல 11-உம் 2-உம் சேர்ந்து 13. அஞ்சு இடம் காலியா இருக்கிற மாதிரி தெரியும். அவர் நல்ல மனசோட, "இன்னும் அஞ்சு உபயம் காலி, விருப்பமுள்ளவங்க சொல்லுங்க"ன்னு கோயில் வாசல்ல அறிவிப்பாரு. அஞ்சு குடும்பம் பணம் கட்டும். இப்ப 18 இடத்துக்கு 23 குடும்பம்.

அதை விட மோசம் மூன்றாம் இரவு. செயலாளர் போன்ல மூன்றாம் இரவுக்கு 2 ஓட்டு. பொருளாளர் போன்லயும் மூன்றாம் இரவுக்கு 2 ஓட்டு. எண்ணிக்கை ஒண்ணு. ஆனா ஆள் வேற. செயலாளர் போன்ல இருக்கிறது பரீட்சைக்காக மாத்திக்கிட்ட பழைய குடும்பம். பொருளாளர் போன்ல இருக்கிறது புதன்கிழமை எடுத்துக்கிட்ட புதுக் குடும்பம். ரெண்டு பேரும் போன்ல பேசிக்கிட்டா, "உங்களுக்கு எத்தனை?" "ரெண்டு." "எனக்கும் ரெண்டு. சரி." முடிஞ்சது. எண்ணிக்கையை மட்டும் ஒத்துப் பார்த்தா இந்தத் தப்பு பிடிபடவே படாது. View votes-ஐ தொட்டு பேரோட பேர் பார்த்தாதான் தெரியும்.

உபயக்காரங்க ஒரு வருஷமா நேர்த்திக்கடன் வச்சிருப்பாங்க. அம்மனுக்குப் புடவை எடுத்து, மாலை சொல்லி வச்சு, சொந்தக்காரங்களைக் கூப்பிட்டு, சாயந்திரம் குடும்பத்தோட வந்து நிக்கும்போது, "உங்க பேரு லிஸ்டுல இல்லையே"ன்னு சொன்னா, அந்த வருத்தத்தை எந்தப் பிரசாதத்தாலயும் ஆத்த முடியாது. யாரும் பொய் சொல்லல, யாரும் பணம் எடுக்கல. ஆனா பேச்சு மட்டும் "கமிட்டி வேண்டியவங்களுக்கு மாத்திக் கொடுத்துட்டாங்க"ன்னு போகும்.

எப்படிக் கண்டுபிடிக்கிறது, எப்படிச் சரி பண்றது?

போன் மாத்தினவங்க, ரெஸ்டோர் பண்ணதும் மொதல்ல குழுவைத் திறந்து தேதி பார்த்துக்கிட்டே மேல போங்க. ஒரு தேதியிலிருந்து இன்னொரு தேதிக்குத் திடீர்னு தாவியிருந்தா, அந்த இடைவெளிதான் உங்க ஓட்டை. பேச்சு நிறைய நடக்கிற குழுவில இது உடனே தெரியும். அந்த இடைவெளியிலயும் அதுக்கு முன்னாடியும் ஓடிக்கிட்டிருந்த வாக்கெடுப்பு எதையும் உங்க போனை வச்சு எண்ணாதீங்க.

சரி பண்றதுக்கு ரெண்டு வழி இருக்கு. போன் மாத்தாத இன்னொரு கமிட்டி உறுப்பினரை View votes திறந்து ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்லுங்க. இது உடனடி வழி. இன்னொண்ணு, விடுபட்டவங்களை ஒரு தடவை தங்கள் ஓட்டை எடுத்துட்டு மறுபடி போடச் சொல்லலாம். புது ஓட்டு புதுச் செய்தியா எல்லா போனுக்கும் போகும், செயலாளர் போன்லயும் வந்து உட்காரும். ஆனா வாக்கெடுப்பே அந்த இடைவெளியில போட்டதா இருந்தா, செயலாளர் போன்ல அது இருக்காது. அப்ப மறுபடி ஓட்டு போட்டும் பிரயோஜனம் இல்ல, ஒட்டிக்க இடமும் இல்ல, திறக்க சாவியும் இல்ல. புது வாக்கெடுப்புதான் போடணும்.

இன்னொரு எச்சரிக்கை. புது போன்ல வாட்ஸ்அப் போடும்போது ரெஸ்டோர் கேட்கும். அவசரத்துல அதைத் தாண்டிப் போயிட்டு, அப்புறம் பார்த்துக்கலாம்னு விட்டுடாதீங்க. அடுத்த பேக்கப் ஓடினா பழைய பேக்கப் மேலேயே எழுதிடும். அதே மாதிரி ஆண்ட்ராய்டுல இருந்து ஐபோனுக்கு மாறுறவங்களுக்கு, கூகுள்ல இருக்கிற பேக்கப் ஐபோன்ல ரெஸ்டோர் ஆகாது. பழைய போன் கையில வேலை செய்யும்போதே நேரா மாத்திக்கணும். பழசைக் கொடுத்துட்டு புதுசு வாங்கிட்டு வந்து தேடினா கிடைக்காது.

கமிட்டியில பொறுப்புல இருக்கிறவங்க பேக்கப்பை Daily-ன்னு வச்சுக்குங்க. Settings, Chats, Chat backup உள்ள போனா கடைசியா எப்ப பேக்கப் ஓடிச்சுன்னு தேதி இருக்கும். கூகுள் கணக்குல இடம் நிறைஞ்சிட்டா பேக்கப் நின்னுடும், அதனால மாசம் ஒரு தடவை அந்தத் தேதியைப் பாருங்க. தினமும் ஓடினாலும் ஒரு நாள் ஓட்டை விழலாம். நாலு நாள் ஓட்டைக்கு ஒரு நாள் ஓட்டை பரவாயில்ல.

எக்ஸ்போர்ட் பண்ணா?

ரெஸ்டோர்ல பழைய நிலவரமாவது அப்படியே வருது. எக்ஸ்போர்ட் வேற மாதிரி. கமிட்டி மாறும்போது, "எல்லாம் குழுவில இருக்கு, எக்ஸ்போர்ட் பண்ணி புது செயலாளருக்கு மெயில் பண்ணிடுறேன்"ன்னு சொல்றதை நிறைய கேட்கிறோம். Export chat பண்ணா கிடைக்கிறது ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பு. தேதி, நேரம், பேர், எழுதின வார்த்தை. அதை மறுபடி வாட்ஸ்அப்புக்குள்ள ஏத்தவும் முடியாது. படிக்கத்தான் முடியும்.

அந்தக் கோப்புல நம்ம வாக்கெடுப்பு இப்படி இருக்கும்:

```
13/09/2024, 8:15 pm - செயலாளர்: POLL:
நவராத்திரி உபயம், எந்த இரவு?
OPTION: மூன்றாம் இரவு (2 votes)
OPTION: ஐந்தாம் இரவு (1 vote)
```

எண்ணிக்கை இருக்கு. பேர் இல்ல. யார் அந்த ரெண்டு பேருன்னு கோப்புல எங்க தேடினாலும் கிடைக்காது. அந்த எண்ணிக்கையும் எக்ஸ்போர்ட் பண்ண போனோட எண்ணிக்கை. நம்ம உதாரணத்துல செயலாளர் போன்ல இருந்து எடுத்தா ஐந்தாம் இரவுக்கு 1, பொருளாளர் போன்ல இருந்து எடுத்தா 2. ஒரே குழு, ஒரே நாள், ரெண்டு கோப்பு, ரெண்டு கணக்கு. ரெண்டுமே பார்க்கிறதுக்கு அதிகாரபூர்வமான பதிவு மாதிரிதான் இருக்கும்.

வாக்கெடுப்புக்காவது எண்ணிக்கை மிஞ்சுது. ரியாக்‌ஷனுக்கு அதுவும் இல்ல. "ஞாயிறு காலை 7 மணி கோத்தோங் ரோயோங், வர்றவங்க 👍 போடுங்க"ன்னு எழுதினா, கோப்புல அந்த ஒரு வரி மட்டும் நிக்கும். இருபத்து மூணு பேர் கட்டைவிரல் போட்டிருந்தாலும், ஒருத்தரும் போடலன்னாலும், கோப்பு ஒரே மாதிரிதான் இருக்கும். ஈவென்ட் அழைப்பையும் அப்படியே நினைச்சுக்குங்க. யார் Going, யார் Maybe தட்டினாங்கங்கிற பட்டியலை எக்ஸ்போர்ட்ல எதிர்பார்க்காதீங்க. அது குழுவுக்குள்ள பார்க்கிறதுக்கு மட்டும்.

எழுதின பதிலிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு செய்தியை இழுத்து அதுக்கு ரிப்ளை பண்ணுவோம் இல்லையா, எக்ஸ்போர்ட்ல அந்த ரிப்ளை மட்டும் வரும், எதுக்கு ரிப்ளைன்னு வராது. "சரி, நான் எடுத்துக்கிறேன்"ன்னு ஒரு வரி தனியா நிக்கும். எதை எடுத்துக்கிறாரு? ஏழாம் இரவு உபயமா, வாழை இலையா, ஒலிபெருக்கியா? மேல கீழ படிச்சு ஊகிக்கத்தான் வேணும்.

பேரும் அப்படியே. எக்ஸ்போர்ட் பண்றவர் போன்ல எப்படி சேவ் பண்ணியிருக்காரோ அப்படித்தான் வரும். "பூக்கடை அக்கா", "கெனோப்பி", "மச்சான் 2". சேவ் பண்ணாதவங்க வெறும் நம்பரா வருவாங்க. புது செயலாளருக்கு அது யாருன்னு எப்படித் தெரியும்? பழைய குழுவுக்கு இன்னொரு எல்லையும் உண்டு: படத்தோட எக்ஸ்போர்ட் பண்ணா கடைசி 10,000 செய்திதான், படம் இல்லாம பண்ணா 40,000 செய்தி. சுறுசுறுப்பான கோயில் குழுவுக்கு 10,000 ரொம்ப நாள் தாங்காது. பழைய வருஷத்து விஷயம் கோப்புக்குள்ளேயே இருக்காது. 2025-ல வந்த Advanced chat privacy யாராவது ஆன் பண்ணி வச்சிருந்தா எக்ஸ்போர்ட்டே நடக்காது.

கமிட்டி முடிவுக்குக் கட்டைவிரல் போதுமா?

போதாதுன்னுதான் நான் சொல்வேன். கமிட்டி குழுவில தலைவர் எழுதுறாரு: "கெனோப்பி 1,800 வெள்ளி சொல்றாங்க, எடுத்துக்கலாமா?" ஏழு பேர் கட்டைவிரல். எடுத்தாச்சு, திருவிழாவும் நல்லா முடிஞ்சது. அடுத்த வருஷம் ஆண்டுக் கூட்டத்துல ஒருத்தர் எழுந்து, "இந்த 1,800 வெள்ளிக்கு யார் ஒப்புதல் கொடுத்தது?"ன்னு கேட்கிறாரு. கேட்கிறது அவர் உரிமை, பக்தர்கள் பணம். எக்ஸ்போர்ட் எடுத்துப் பார்த்தா தலைவர் கேட்ட கேள்வி மட்டும் இருக்கு, பதில் ஒண்ணும் இல்ல. பார்க்கிறவங்களுக்கு அவரே கேட்டு அவரே எடுத்துக்கிட்ட மாதிரி இருக்கும். ஏழு பேர் நேர்மையா சம்மதம் சொன்னது கோப்புல மாயமாயிடுச்சு.

குழுவுக்குள்ள இன்னும் இருக்கேன்னு சொல்லலாம். இருக்கும், இருந்தாலும் கட்டைவிரலை யாரு வேணும்னாலும் எப்ப வேணும்னாலும் எடுக்கலாம், மாத்தலாம். எடுத்ததுக்குத் தடம் இல்லன்னு மேலேயே சொன்னேன். பிரச்சினைன்னு தெரிஞ்சதும் ஒருத்தர் பேசாம தன் கட்டைவிரலை எடுத்துட்டா, "நான் அன்னைக்கே ஒத்துக்கல"ன்னு சொல்ல முடியும். இல்லன்னு நிரூபிக்க நம்மகிட்ட ஒண்ணும் இல்ல.

நான் முப்பது வருஷமா தொழிற்சாலையில இருக்கேன். ஷிப்ட் மாறும்போது, முந்தின ஷிப்ட் சூப்பர்வைசர் மெஷினைக் காட்டி தலையாட்டிட்டுப் போனா அது ஹேண்ட்ஓவர் ஆகாது. லாக் புக்ல எந்த மெஷின், என்ன கோளாறு, எத்தனை மணி, யார் கையெழுத்துன்னு எழுதணும். தலையாட்டுறது பொய்ன்னு யாரும் சொல்லல. ராத்திரி மூணு மணிக்கு மெஷின் நின்னா, தலையாட்டினதைத் திரும்பப் படிக்க முடியாது, அதான் விஷயம். கட்டைவிரல் தலையாட்டுற மாதிரி. லாக் புக் நாமதான் எழுதணும்.

நான் கேட்டுக்கிறது இவ்வளவுதான்

வாக்கெடுப்பு, கட்டைவிரல், ஈவென்ட் எல்லாம் வழக்கம் போல போடுங்க. கேட்கிறதுக்கு அதைவிட சுலபமான வழி இல்ல. ஆனா முடிஞ்சதும், போட்டவரே அதை எழுத்தாக்கி அதே குழுவில போடட்டும். இப்படி:

"நவராத்திரி உபயம் வாக்கெடுப்பு 20/9 இரவு 9 மணியோட முடிஞ்சது. மூன்றாம் இரவு: இன்னார் குடும்பம், இன்னார் குடும்பம். ஐந்தாம் இரவு: இன்னார், இன்னார். இதுக்கப்புறம் மாத்தணும்னா செயலாளருக்கு எழுதிக் கேளுங்க, வாக்கெடுப்புல மாத்தினா கணக்குல வராது."

இது எழுத்து. பேக்கப்ல வரும், எக்ஸ்போர்ட்ல பேரோட வரும், அச்சடிச்சு அறிவிப்புப் பலகையில ஒட்டலாம். பேரை முழுசா எழுதணும், "மச்சான் 2" கூடாது. அதை விட முக்கியம், எழுதின உடனே நூற்றைம்பது பேர் படிக்கிறாங்க. தப்பு இருந்தா அன்னைக்கே ஒரு அம்மா, "ஐயா, நாங்க ஐந்தாம் இரவுக்கு மாத்திக்கிட்டோமே"ன்னு சொல்லிடுவாங்க. நம்ம உதாரணத்துல செயலாளர் இப்படி ஒரு பட்டியல் போட்டிருந்தா, நடுவில விழுந்த அந்த நாலு நாள் ஓட்டை பத்து நிமிஷத்துல வெளிய வந்திருக்கும். நவராத்திரி வரைக்கும் போயிருக்காது.

பணம் சம்பந்தப்பட்ட முடிவுக்கு இன்னும் ஒரு படி. கட்டைவிரல் வேண்டாம். "சம்மதம்", "சம்மதம் இல்ல"ன்னு ஒவ்வொருத்தரும் எழுதட்டும். ரிப்ளையோட தலைப்பும் சேர்த்து எழுதணும்: "கெனோப்பி 1,800 வெள்ளி, சம்மதம்." அடுத்த கூட்டத்துல அதை மினிட்ஸ்ல ஏத்திடுங்க. ஆர்.ஓ.எஸ்-ல பதிஞ்ச கோயிலுக்கு ஆண்டுக் கூட்டமும் கணக்கும் எப்படியும் உண்டு. அங்க போய் நிக்கப் போறது மினிட்ஸ்தான், கட்டைவிரல் இல்ல.

"இதெல்லாம் ரெட்டை வேலை"ன்னு சில பேர் சொல்வாங்க. வேலைதான். ஒன்பது இரவுக்கு ஒன்பது வரி, எழுத கால் மணி நேரம். விட்டா என்ன ஆகும்னு மேல 23 குடும்பம் கணக்குல பார்த்தோம். "ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்கலாமே"ன்னும் சொல்வாங்க. எடுங்க, நல்லதுதான், View votes-ஐ திறந்து பேர் தெரியற மாதிரி எடுங்க. ஆனா அது ஒருத்தர் போன்ல இருக்கிற படம். அந்த போன் தண்ணியில விழுந்தா படமும் விழும். குழுவில எழுதினது நூற்றைம்பது போன்ல இருக்கும்.

எல்லாத்தையும் காப்பாத்தணும்னு நான் சொல்லல. காலை வணக்கத்துக்கு வந்த கும்பிடு, அபிஷேகப் படத்துக்கு வந்த பூ எல்லாம் போனா போகட்டும். அது அந்த நேரத்து மகிழ்ச்சி. ஒருத்தர் வாக்கு கொடுத்தது, பணம் சம்பந்தப்பட்டது, பொறுப்பு ஏத்துக்கிட்டது, இந்த மூணை மட்டும் எழுத்தாக்கி வைங்க.

கடைசியா ஒண்ணு. எக்ஸ்போர்ட் பண்ண கோப்புல பக்தர்கள் போன் நம்பர், வீட்டு விஷயம், யாருக்கு உடம்பு சரியில்லன்னு பிரார்த்தனைக்குக் கேட்டது எல்லாம் இருக்கும். அதைத் தூக்கி கண்ட கண்ட குழுவில போடாதீங்க. புது செயலாளருக்குக் கொடுக்க வேண்டியது அந்தக் கோப்பு இல்ல, எழுதி முடிச்ச பட்டியலும் மினிட்ஸும்தான்.

உங்க கோயில் குழுவில இப்ப ஓடிக்கிட்டிருக்கிற வாக்கெடுப்பு ஏதாவது இருந்தா, இன்னைக்கே ரெண்டு பேர் உட்கார்ந்து ரெண்டு போன்ல View votes-ஐ திறந்து பேரோட பேர் ஒத்துப் பாருங்க. வித்தியாசம் இருந்தா கமெண்ட்ல எழுதுங்க, எந்த நாள்ல இருந்து விடுபட்டிருக்குன்னு சேர்ந்து பார்ப்போம்.